பட்டறை மூடிய கதையை எந்த ஞாயிற்றுக்கிழமை சொல்வது?

கேள்வி: எனக்கு 28 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் கடனில் மூழ்கி மூடிவிட்டோம். அந்த வருடம் எனக்குத் தூக்கம் போய், சாப்பாடு போய், மனநல மருத்துவரிடம் பத்து மாதம் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன், இப்போது நன்றாக இருக்கிறேன். கடனில் மாதம் 18,000 ரூபாய் என் சம்பளத்தில் இருந்து போகிறது, இன்னும் மூன்று வருடம் பாக்கி. போன வருடம் ஒரு வரன் வந்தது. முதல் தடவை தனியாகப் பேச ஏற்காடு போனோம். ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஆறுதலாகத்தான் பேசினார். மறுநாளில் இருந்து போன் எடுக்கவில்லை. இப்போது இன்னொருவருடன் ஆறு வாரமாகப் பேசுகிறேன், இரண்டு தடவை நேரில் பார்த்தோம். பயத்தில் இவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் அம்மா. மறைப்பது ஏமாற்றுவது போல இருக்கிறது. எப்போது, எவ்வளவு சொல்வது?

பதில்: அந்த ஏரிக்கரையில் இருந்தே தொடங்குவோம். ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தன்னைப் பற்றி என்ன சொன்னார்? யோசித்துப் பார்த்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால் அதிசயப்படாதீர்கள். என் அறைக்கு வந்து இதே மாதிரி கதை சொல்கிறவர்களிடம் இதே கேள்வியைக் கேட்பேன். பெரும்பாலும் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "அவர் கேட்டுக்கிட்டுதான் மேடம் இருந்தார்" என்பார்கள்.

அவர் ஏன் விலகினார் என்று எனக்குத் தெரியாது. கடனுக்குப் பயந்திருக்கலாம், மாத்திரைக்குப் பயந்திருக்கலாம், அவர் வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். ஆனால் அன்று அவர் நிலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முன்பின் பழகாத ஒரு பெண் எதிரே அழுகிறாள். அவர் தேற்றித்தான் ஆக வேண்டும். சந்தேகம் கேட்க முடியாது, தன் கஷ்டத்தைச் சொல்ல முடியாது, "எனக்கு யோசிக்க வேண்டும்" என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்து போகலாம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி உங்களைச் சேலத்தில் கொண்டுவந்து விடும் பொறுப்பும் அவருடையது. அந்த ஆறுதல் வார்த்தைகள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை அவருடைய முடிவு அல்ல. நீங்கள் அதை முடிவாக எடுத்துக்கொண்டீர்கள். பாரம் இறங்கிய நிம்மதி உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்திருக்கும். அவருக்கோ பாரம் ஏறிய மாதிரி இருந்திருக்கும்.

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொந்த அண்ணனிடம் சொல்லாததையெல்லாம் நாம் சொல்லிவிடுவதில்லையா? அவர் ஜோலார்பேட்டையில் இறங்கிவிடுவார், சொன்னதும் அவரோடு போய்விடும் என்ற தைரியம்தான். சமூக உளவியலில் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். பெண் பார்த்துப் பேசும் காலத்தில் சிக்கல் என்னவென்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதி ரயில் பயணி, பாதி குடும்பத்துக்காரர். அந்நியர் என்ற சுதந்திரத்தில் பேச ஆரம்பிக்கிறோம், சொன்னது மட்டும் இறங்கிப் போகாமல் கூடவே நின்றுவிடுகிறது.

நெருக்கம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வளர்கிறது என்று 1973இல் இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற இருவர் எழுதினார்கள். எங்கள் படிப்பில் எல்லோரும் முதல் வருடமே படிப்பது அது. உங்களுக்கு அதைவிட உதவுவது பின்னால் சூசன் ஸ்ப்ரெக்கரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனை. அறிமுகமில்லாதவர்களை இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டார்கள். சில ஜோடிகள் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொன்னார்கள். மற்ற ஜோடிகளில் முதலில் ஒருவரே முழுக்கச் சொன்னார், மற்றவர் கேட்டார், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். மாறி மாறிப் பேசியவர்களுக்குத்தான் ஒருவரையொருவர் அதிகம் பிடித்தது. மற்றவர்கள் பிறகு இடம் மாறிக்கொண்ட பின்னும் அந்த வித்தியாசம் போகவில்லை. ஆகவே "எத்தனை வாரம் கழித்துச் சொல்லலாம்" என்று காலண்டரைப் பார்ப்பதில் பெரிய பிரயோசனமில்லை. நீங்கள் ஒன்று சொன்னபின் அங்கிருந்து ஒன்று வந்ததா என்று பாருங்கள். வேகத்தை அதுதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்கள் விஷயம். உங்கள் மூட்டையில் இரண்டு வகைப் பொருள் கலந்து கிடக்கிறது. ஒன்று தகவல்: பட்டறை மூடியது, மாதம் 18,000 கட்டுவது, பத்து மாதம் மாத்திரை சாப்பிட்டது. இன்னொன்று அந்த வருடத்தை நீங்கள் வாழ்ந்த அனுபவம்: கடன்காரர் வாசலில் நின்ற காலை, அப்பா பேசாமல் போன நாட்கள், தூங்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்த இரவுகள். (இவை என் ஊகம்தான். உங்களுடையவை வேறாக இருக்கும்.) தகவலுக்குக் கெடு உண்டு. அது அவருடைய முடிவைப் பாதிக்கும் என்பதால், அவர் முடிவெடுக்கும் முன் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அனுபவத்துக்குக் கெடு கிடையாது. அது கல்யாணமாகி மூன்றாவது வருடம் ஒரு மழை ராத்திரியில் வெளியே வரலாம், வராமலும் போகலாம். ஏற்காட்டில் நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினீர்கள். அம்மா இரண்டையும் ஒன்றாகப் பூட்டச் சொல்கிறார். இரண்டும் ஒரே தவறுதான், பக்கம்தான் வேறு.

தகவலுக்குக் கெடு எது என்றால் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுவதற்கு முந்தின வாரம் சொன்னால் போதாது. மண்டபம் பேசி, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியானபின் ஒருவர் நினைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரு வீட்டிலும் "தேதி பார்க்கலாமா" என்ற பேச்சு எழும்போது, அதற்கு முன்னால், அவர் ஓரிரு வாரம் யோசிக்க இடம் விட்டுச் சொல்லுங்கள். ஆறு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். நம் ஊர் வழக்கப்படி அந்தப் பேச்சு இனி எந்த நாளும் வரலாம்.

ஆனால் நேரே போய் உட்கார்ந்து அதைச் சொல்லாதீர்கள். அதற்கு முன் இரண்டு மூன்று சின்ன விஷயங்கள் போகட்டும். பொய்யான சின்ன விஷயங்கள் வேண்டாம். உண்மையானவை, சொல்லும்போது லேசாகத் தயக்கம் வருகிறவை. உதாரணத்துக்கு, "சின்ன வயசுல பட்டறைச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். இப்ப அந்த ரூம் பூட்டியே கிடக்குங்க" என்று போனில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே விளக்க வேண்டாம். அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். "ஏன் பூட்டிட்டீங்க?" என்று கேட்பவர் ஒரு வகை. "எங்க தாத்தாகூட தறி வெச்சிருந்தார், வித்துட்டப்ப அப்பா ரெண்டு நாள் சாப்பிடல" என்று தன் பக்கம் இருந்து ஒன்றை எடுத்து வைப்பவர் இன்னொரு வகை. இரண்டுமே நல்லது. "ஓ" என்று சொல்லிவிட்டு மேட்ச் ஸ்கோருக்குப் போகிறவரும் உண்டு, "அந்த ரூமை வாடகைக்கு விட்டிருக்கலாமே" என்று யோசனை சொல்லிக் கதையை மூடுகிறவரும் உண்டு. ஒரு தடவை அப்படி நடந்தால் அதற்குத் தீர்ப்பு எழுதாதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டு இருந்திருப்பார். மூன்று தடவையும் அப்படியே என்றால் அது ஒரு செய்தி.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள், இவை உடனே தெரியாது. முதலாவது, சொன்னது அவரிடம் தங்குகிறதா. பத்து நாள் கழித்து "அந்தப் பட்டறை ரூம்னு சொன்னீங்களே" என்று அவராகவே எடுத்தால், உங்கள் பேச்சுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. இரண்டாவது, சொன்னது கசிகிறதா. நீங்கள் அவரிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயம் அவருடைய அக்கா வாயில் இருந்தோ, தரகர் வழியாகவோ சுற்றி உங்கள் அம்மா காதுக்கு வந்தால், அடுத்த விஷயத்தை நிறுத்தி வையுங்கள். அவரிடமே கேளுங்கள்: "அதை நான் உங்ககிட்ட மட்டும் சொன்னேன்." வெள்ளந்தியாக வீட்டில் சொல்லியிருப்பார், பல ஆண்களுக்கு அம்மாவிடம் சொல்வது வெளியே சொன்னதாகவே படாது. கேட்டதும் புரிந்துகொள்கிறாரா, "இதுல என்ன இருக்கு" என்கிறாரா என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாகப் போனால், தகவலைச் சொல்லும் நாள். ஏற்காடு வேண்டாம். மலை மேல் என்றால் போய்த் திரும்ப ஒரு நாள், நடுவில் எழுந்து போக வழியில்லை. இரவு பதினோரு மணிப் போனும் வேண்டாம். அந்த நேரத்தில் எல்லோருமே தேவைக்கு மேல் பேசுவார்கள், காலையில் வெட்கப்படுவார்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம், அது ஒரு விரல் தட்டில் பத்துப் பேருக்குப் போய்விடும். பகலில், நேரில், தானாகவே முடிவுக்கு வருகிற ஓர் இடம் பாருங்கள். சுகவனேஸ்வரர் கோயில் பிரகாரம் நல்ல இடம். இரண்டு சுற்று நடந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் இருவரும் அவரவர் வீட்டுக்குப் போகலாம். நடந்துகொண்டே பேசினால் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய சங்கடமும் குறையும்.

எப்படிச் சொல்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன். "நிச்சயம் பத்திப் பேச்சு வர்றதுக்கு முன்னால ரெண்டு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். நாலு வருஷம் முன்னால எங்க பட்டறை கடன்ல மூடிப்போச்சு. மாசம் 18,000 நான் கட்டறேன், இன்னும் 36 மாசம் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறமும் நான்தான் கட்டணும். அந்த வருஷம் எனக்கு மனச்சோர்வு வந்து டாக்டர்கிட்ட பத்து மாசம் மருந்து எடுத்தேன். டாக்டர் சொல்லி நிறுத்தினேன், இப்ப நல்லா இருக்கேன். திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. வந்தா ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும், டாக்டர்கிட்ட போவேன். நீங்க இப்பவே பதில் சொல்ல வேண்டாம், யோசிச்சு என்ன வேணும்னாலும் கேளுங்க."

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. என்ன நடந்தது, எப்போது, என்ன சிகிச்சை, இப்போது எப்படி, இதில் அவரைத் தொடுவது எது என்ற ஐந்தும் அதில் வந்துவிட்டன. மனச்சோர்வு ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு என்பது மருத்துவ உண்மை. அதை மறைத்து "முழுசாச் சரியாயிடுச்சு" என்று உறுதி கொடுத்தால் நாளைக்கு உங்களுக்குத் தூக்கம் வராத ஓர் இரவு வந்தாலும் பயந்து ஒளிக்க வேண்டியிருக்கும். கடனையும் எண்ணாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் கடன் இருக்கு" என்றால் கேட்பவர் மனதில் அது முப்பது லட்சமாக வளரும். 36 மாதம், மொத்தம் 6,48,000 என்றால் அவரால் உட்கார்ந்து கணக்குப் போட முடியும். கணக்குப் போட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் முடியும், அது அவருடைய உரிமை.

சொல்லி முடித்ததும் சும்மா இருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி. அவர் அரை நிமிடம் பேசாவிட்டால் அந்த மௌனத்தை நிரப்ப உங்கள் வாய் துடிக்கும், வாசலில் வந்து நின்ற கடன்காரர் அப்போதுதான் கதைக்குள் நுழைவார். விடாதீர்கள். அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்டதற்குச் சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால், "அதை இன்னொரு நாள் சொல்றேங்க" என்பதே முழுப் பதில். அப்பா அந்த வருடம் எப்படி இருந்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் அப்பாவுடைய கதை. கடன் உங்கள் சம்பளத்தைத் தொடுகிறது, ஆகவே அது உங்களுடையது. அப்பா பட்ட அவமானத்தைச் சொல்லும் உரிமை அவரிடமே இருக்கட்டும்.

கிளம்பும் முன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் சொன்னதுக்கு அவர் வெறும் 'ம்' மட்டும் போட்டால் இன்று ராத்திரி தாங்குவேனா?" தாங்குவேன் என்றால் போகலாம். தாங்க முடியாது என்றால், நீங்கள் சொல்லப் போகவில்லை, தேற்றப்படப் போகிறீர்கள். அந்த வேலையைச் செய்ய அவருக்கு இன்னும் முதுகு பலப்படவில்லை. அதற்கு வேறு இடம் வேண்டும், ஏற்காட்டில் நீங்கள் அப்படிக் கொட்டியதற்குக் காரணமே வேறு இடம் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். ஒரு வீடே நொடித்துப்போன வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அப்படித்தானே? நல்ல தோழி ஒருத்தி, அல்லது உங்கள் பழைய டாக்டரிடம் ஒரு தடவை. இன்னொரு வழியும் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் பரிசோதித்துக் காட்டிய முறை: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அறுக்கும் அந்த விஷயத்தைப் பற்றி நடந்ததையும் உணர்ந்ததையும் எழுதுவது. எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடலாம். எழுதிய அன்று மனம் கனமாகத்தான் இருக்கும், ஆகவே அவரைப் பார்க்கப் போகும் நாளில் எழுதாதீர்கள். எழுத எழுதத் தூக்கம் கெட்டால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும், அவர் பயம் கற்பனை அல்ல. ஆனால் பத்து மாதம் மருந்து வாங்கிய கடைக்காரர், கடன் கொடுத்தவர், பட்டறையில் வேலை செய்த ஆட்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பின் வேறு வாய் வழியாக அவருக்குத் தெரிவதைத்தான் அம்மா தேர்ந்தெடுக்கிறார். சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், ஒருவரைப் பற்றிய முக்கியமான உண்மையை மோசடியாக மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று இருக்கிறது. குணமான மனச்சோர்வு அதில் வருமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. அந்த வாதம் எழவே இடம் இல்லாமல் செய்வது எளிது என்பதற்காகச் சொல்கிறேன். அம்மாவிடம் "சொல்லலாமா" என்று அனுமதி கேட்காதீர்கள். "நிச்சயத்துக்கு முன்னால இந்த ரெண்டை மட்டும் சொல்லப்போறேம்மா, அப்பாவைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். எல்லை தெரிந்தால் அவருக்கும் பாதிப் பயம் போகும்.

ஒருவேளை அவரே முந்திக்கொண்டு, மூன்றாவது சந்திப்பிலேயே தன் முழுக் கஷ்டத்தையும் உங்கள் மேல் கொட்டினால், ஏற்காட்டில் அந்த மனிதர் மாட்டிக்கொண்ட இடத்தில் இப்போது நீங்கள் நிற்பீர்கள். "இதை அரைகுறையாக் கேட்க எனக்கு இஷ்டமில்லைங்க, அடுத்த தடவை மீதி சொல்லுங்க" என்று பாதியில் நிறுத்தலாம். அது மரியாதைதான். "எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லணும், ஒண்ணும் மறைக்கக் கூடாது" என்று உங்களை நெருக்கினால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாள் எடுத்து, இந்த ஆறு வாரத்தில் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். வேலை, சம்பளம், பிடித்த சாப்பாடு வேண்டாம். அவர் எதற்குப் பயப்படுவார், எந்த வருடம் அவருக்குக் கெட்ட வருடம், யாரிடம் பேசாமல் இருக்கிறார், எதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது. ஐந்து வரிகூட வரவில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அன்று அவரைப் பேசவிட்டு வாருங்கள்.